ஐந்தையும் பெருக்காதீர்கள், எத்தனை வாரம் மிச்சம் என்று பாருங்கள்

கேள்வி: வணக்கம். பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் ப்ராஜெக்ட்டை நடத்துகிறேன். இன்றோடு 8ஆம் வாரம் முடிகிறது, 20ஆம் வாரக் கடைசியில் கட்ஓவர், அதாவது பழையதை விட்டுப் புதியதற்கு மாறும் நாள். ரிஸ்க் ரெஜிஸ்டரில் நிகழ்தகவையும் பாதிப்பையும் பெருக்கிப் பார்த்தால் நான்கு ரிஸ்க்குகள் ஒரே மாதிரி 12இல் நிற்கின்றன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாததால், மேலாளர் சொன்னபடி அவசரம், அருகாமை, கண்டறியும் தன்மை என்று இன்னும் மூன்றுக்கு 1 முதல் 5 வரை ஸ்கோர் போட்டு ஐந்தையும் பெருக்கினோம். டேட்டாபேஸ் இன்ஜினியர் வேலையை விடுவது 600, கட்ஓவர் அன்று சிஸ்டம் மெதுவாவது 360, வெளி நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனை தாமதமாவது 48, டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப்போவது 24 என்று வந்தது. இந்த வரிசை சரியில்லை என்று மனதுக்குப் படுகிறது, ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு பேசுபவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஸ்கோர் விவரமும் ரெஜிஸ்டரும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். உங்கள் மனதுக்குப் பட்டதுதான் சரி. மேலே இருக்கும் இரண்டும் கீழே போக வேண்டியவை, கீழே கிடக்கும் இரண்டும் மேலே வர வேண்டியவை. ரெஜிஸ்டர் முழுவதையும் படித்துப் பார்த்தேன். தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று ஸ்கோர் போட்ட விதம், இன்னொன்று பெருக்கியது. முதல் தவறைத் திருத்தினாலும் இரண்டாவது உங்களை விடாது, அதனால் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் கண்டறியும் தன்மை. சிஸ்டம் மெதுவானால் டேஷ்போர்டில் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், அதற்கு 5 போட்டிருக்கிறீர்கள். டேட்டா கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது, அதற்கு 1. எளிதில் தெரிந்தால் அதிக மார்க் என்ற கணக்கில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த எண்ணைப் பெருக்கும்போது எளிதில் தெரிவது பெரிய ஆபத்தாக மேலே ஏறிவிடுகிறது. இது உங்கள் குழுவில் மட்டும் நடப்பதில்லை. ப்ராஜெக்ட் மேலாண்மைக் கையேடான பிஎம்பாக்கின் 2017இல் வந்த ஆறாம் பதிப்பில், ஒரு ரிஸ்க்கை எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தால் அதன் கண்டறியும் தன்மை அதிகம். தொழிற்சாலைகளில் பழுது முறைகளை ஆராயப் பயன்படும் எஃப்எம்இஏவில் இதுவே நேர் எதிர், அங்கே 10 என்றால் கண்டுபிடிக்கவே முடியாது என்று அர்த்தம். பெயரை ஒரு இடத்திலிருந்தும் பெருக்கலை இன்னொரு இடத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் உங்கள் 360 மாதிரி ஒரு எண் வந்து நிற்கும்.

அடுத்தது அவசரமும் அருகாமையும். நான்கில் இரண்டு ரிஸ்க்குகளுக்கு இரண்டிலும் ஒரே எண் போட்டிருக்கிறீர்கள், மற்ற இரண்டில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், ஆக "எவ்வளவு சீக்கிரம் வரும்" என்ற ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. அருகாமை என்பது, ரிஸ்க் நடந்தால் அடி எப்போது விழும் என்பது. அவசரம் என்பது, அந்த அடியைத் தடுக்கும் வேலையை எப்போதுக்குள் தொடங்கியாக வேண்டும் என்பது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது தடுக்கும் வேலைக்கு ஆகும் காலம். அந்தக் காலம் சின்னதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும், நீளும்போதுதான் பிரியும்.

உங்கள் பாதுகாப்புச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடி 20ஆம் வாரத்தில் விழும், இன்னும் 12 வாரம் இருக்கிறது, அதனால்தான் அருகாமைக்கு 2 போட்டீர்கள், அதில் தவறில்லை. இப்போது 20இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சோதனையில் கிடைக்கும் ஓட்டைகளை அடைக்க 2 வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சோதனைக்கு 2 வாரம். அந்த நிறுவனத்திடம் பதிவு செய்தால் முறை வர 6 வாரம் ஆகும் என்று ரெஜிஸ்டரின் குறிப்புப் பகுதியில் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். மொத்தம் 10 வாரம், ஆக 10ஆம் வாரக் கடைசிக்குள் பதிவு செய்தாக வேண்டும். அத்தோடு முடியவில்லை, வெளி நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்க உங்கள் அலுவலகத்தில் ஒப்புதலுக்கு ஒரு வாரம் ஆகிறது என்று வேறொரு வரியில் இருக்கிறது. அதையும் கழித்தால் 9ஆம் வாரக் கடைசி. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாரம். 12 வாரம் தள்ளி இருக்கும் அடி, ஒரு வாரம் மட்டுமே மிச்சமுள்ள முடிவு. இதற்கு அவசரத்தில் 2 என்று போட்டது உங்கள் பட்டியலிலேயே மிகப் பெரிய பிழை.

இந்த மிச்ச வாரத்தை இருப்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம். அடி விழும் நாளிலிருந்து தடுக்கும் வேலைக்கான காலத்தையும் இன்றைய தேதியையும் கழித்தால் வருவது. எக்செலில் C பத்தியில் அடி விழும் தேதி, D பத்தியில் தடுப்பு வேலைக்கு ஆகும் மொத்த நாட்கள் என்று வைத்தால் இவ்வளவுதான், விடை நாட்களில் வரும்:

```
=C2-D2-TODAY()
```

D பத்தியில் வேலை செய்யும் நாட்களை மட்டும் எழுதிவிட்டு, ஒப்புதலுக்குக் காத்திருப்பது, ஆள் கிடைக்கக் காத்திருப்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆவது இதையெல்லாம் விட்டுவிடுவதுதான் வழக்கம். உங்கள் சோதனைக்கே பாருங்கள், உண்மையான வேலை 4 வாரம், காத்திருப்பு 7 வாரம். காத்திருப்பை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தால் 8 வாரம் இருக்கிறது என்று காட்டியிருக்கும், எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

சரி, இந்தத் திருத்தங்களோடு மறுபடி பெருக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். சோதனைக்கு அவசரம் 5, அருகாமை 2. அந்த நிறுவனத்துக்கு ஒரு ஃபோன் செய்தால் நிலவரம் தெரிந்துவிடும் என்பதால் கண்டறிதல் 1. பெருக்கினால் 120. டேட்டா கெடுவதற்கு அவசரம் 4, அருகாமை 1, கண்டறிதல் 5, ஆக 240. இன்ஜினியருக்கு அவசரம் 3, அருகாமை 5, கண்டறிதல் 2, ஆக 360. சிஸ்டம் மெதுவாவது 24க்கு இறங்கிவிட்டது, அது நல்லது. ஆனால் ஒரு வாரமே மிச்சமுள்ள சோதனை மூன்றாம் இடத்தில் நிற்கிறது. காரணம், அது எளிதில் தெரியும் விஷயம் என்பதால் கிடைத்த 1, அவசரத்துக்குக் கிடைத்த 5ஐ வளரவிடாமல் பிடித்துக்கொண்டது. நன்றாகத் தெரிகிற ஒரு காலக்கெடு, தெரிகிறது என்பதாலேயே பட்டியலில் கீழே போகிறது. சோதனைக்குப் போட்ட ஸ்கோர் எல்லாமே சரி, பெருக்கல்தான் குற்றவாளி.

மேலாளர் எண்களை நம்புகிறவர் என்றால் எஃப்எம்இஏவின் கதையை அவரிடம் சொல்லலாம். அங்கே பல காலமாகத் தீவிரம், நிகழும் அளவு, கண்டறிதல் மூன்றையும் 1 முதல் 10 வரை மதிப்பிட்டுப் பெருக்கி ஒரு முன்னுரிமை எண் எடுத்தார்கள். தீவிரம் 9, நிகழ்வு 2, கண்டறிதல் 5 என்றால் 90. தீவிரம் 3, நிகழ்வு 6, கண்டறிதல் 5 என்றாலும் 90. முதலாவது ஆளைக் கொல்லக்கூடிய பழுதாக இருக்கலாம், இரண்டாவது சின்னத் தொந்தரவு, இரண்டுக்கும் ஒரே எண். 1 முதல் 1000 வரை போகும் அந்த அளவுகோலில் உண்மையில் வரக்கூடிய எண்கள் 120தான், நடுவில் எல்லாம் ஓட்டை. 2019இல் அமெரிக்க வாகனத் துறை அமைப்பான ஏஐஏஜியும் ஜெர்மனியின் விடிஏவும் சேர்ந்து வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, மூன்று மதிப்பையும் ஒரு அட்டவணையில் வைத்துப் பார்த்து உயர், நடு, தாழ் என்று முன்னுரிமை சொல்லும் முறைக்கு மாறியது. இந்த 1, 2, 3 எல்லாம் வரிசையைச் சொல்லும் எண்கள், அளவைச் சொல்பவை அல்ல. 4 என்பது 2ஐ விட மோசம் என்று சொல்லலாம், இரண்டு மடங்கு மோசம் என்று சொல்ல வழியில்லை. அப்படிப்பட்ட ஐந்தைப் பெருக்கி வந்த 600ஐயும் 360ஐயும் ஒப்பிடுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

அப்போது என்ன செய்வது? நிகழ்தகவு, பாதிப்பு இரண்டின் பெருக்கலை வாசலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வரிசை எண்களின் பெருக்கல்தான், ஆனால் எதைக் கவனிப்பது எதை விடுவது என்று கரடுமுரடாகப் பிரிக்க அது போதும். உங்கள் அளவில் 10க்கு மேல் இருப்பவை உள்ளே. உள்ளே வந்தவற்றை இருப்புக் காலத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள், குறைவானது மேலே. கண்டறியும் தன்மையை வரிசைக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு ரிஸ்க்கை இப்போதே செலவு செய்து தடுப்பதா, அறிகுறி வரும்வரை காத்திருப்பதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அறிகுறி தெரிந்த நாளிலிருந்து அடி விழும் நாள்வரை எத்தனை வாரம் கிடைக்கும், அது தடுக்கும் வேலைக்குப் போதுமா? போதும் என்றால் காத்திருக்கலாம், என்ன நடந்தால் யார் என்ன செய்வது என்று எழுதி வைத்தால் சரி. போதாது என்றால் காத்திருப்பது ஒரு வழியே அல்ல. இப்போதே தடுக்க வேண்டும், அல்லது இன்னும் முன்னதாகத் தெரியும்படி ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு 1 முதல் 5 வரை ஸ்கோரே தேவையில்லை, "முன்னறிவிப்பு: இத்தனை வாரம்" என்று எழுதுங்கள், எந்தப் பக்கம் பெரிய எண் என்ற குழப்பமும் வராது.

உங்கள் பட்டியலில் நான் அதிகம் கவலைப்படுவது டேட்டா கெடுவதைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் முன்னறிவிப்பே இல்லை. பழைய சிஸ்டத்தில் பெயர்ப் பகுதி 60 எழுத்து, புதியதில் 60 பைட் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. யுடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழ் உட்படப் பல மொழிகளின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும், ஆக 60 பைட்டில் 20 குறிகள்தான் அடங்கும். மிச்சம் வெட்டுப்பட்டு விழுந்தால், சிஸ்டத்தின் அமைப்பைப் பொறுத்து, பிழைச் செய்தி எதுவும் வராமலே போகலாம். மாற்றிய பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். உங்கள் கணக்குப்படி இந்த மாதிரி பிழைகள் வெளியே வருவது காலாண்டுக் கணக்கு முடிக்கும்போது, அதாவது கட்ஓவருக்கு 6 வாரம் கழித்து. பழைய சிஸ்டத்தை நிறுத்துவதோ கட்ஓவர் முடிந்து 2 வாரத்தில். தவறு தெரியவரும்போது திரும்பிப் போகப் பழையது இருக்காது, நடுவில் 4 வாரம் ஓட்டை.

காலாண்டு தள்ளி இருக்கிறது என்பதால் இதற்கு அருகாமை 1 போட்டீர்கள். ஆனால் கெடுவது கட்ஓவர் அன்றே கெட்டுவிடுகிறது, தெரிவதுதான் பிறகு. நடப்பதற்கும் தெரிவதற்கும் நடுவில் உள்ள இந்த உறங்கும் காலத்தைப் பிஎம்பாக் ஆறாம் பதிப்பு தனியாகவே கணக்கில் எடுக்கிறது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு நாளும் கெட்ட டேட்டாவின் மேல் புதுக் கணக்குகள் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, 14ஆம் வாரக் கடைசியில் நீங்கள் வைத்திருக்கும் ஒத்திகை மாற்றத்தின்போதே பழையதையும் புதியதையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட்கள் தயாராக இருக்க வேண்டும். பதிவு எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், கணக்கு வாரியாக மொத்தத் தொகை, ஒவ்வொரு எழுத்துப் பகுதியிலும் மிக நீளமான பதிவின் நீளம், தேதிகளில் மிகப் பழையதும் மிகப் புதியதும் எல்லாம் ஒப்பிடப்பட வேண்டும். எழுத 3 வாரம், எந்தத் தொகைகளை ஒப்பிடுவது என்று கணக்குப் பிரிவோடு பேசி முடிக்க 1 வாரம், ஆக 10ஆம் வாரக் கடைசிக்குள் தொடங்க வேண்டும். இருப்பு 2 வாரம். இரண்டு, பழைய சிஸ்டத்தைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் 2 வாரத்துக்குப் பதில் 8 வாரம் வைத்திருக்கக் கேளுங்கள். பிழையை அது தடுக்காது, ஆனால் காலாண்டுக் கணக்கு முடியும்போது ஒப்பிட்டுச் சரிசெய்ய மூலம் கையில் இருக்கும்.

இன்ஜினியர் விஷயத்துக்கு வருவோம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் அருகாமை 5, அவசரமும் 5 என்று போட்டீர்கள். ஆனால் அவர் ராஜினாமா கொடுத்தால் 8 வாரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும், இன்னொருவருக்குப் பழக்கிக் கொடுக்க 4 வாரம் போதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். முன்னறிவிப்பு 8, தேவை 4, ஆகவே காத்திருக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள், அவர் 12ஆம் வாரத்துக்குப் பிறகு ராஜினாமா கொடுத்தால் கட்ஓவர் முடியும்வரை இங்கேதான் இருப்பார். கட்ஓவருக்குப் பிந்தைய இரண்டு வாரங்களையும் சேர்த்தால் 14ஆம் வாரம். அதன் பிறகு ராஜினாமா என்ற ரிஸ்க்கை இந்த ப்ராஜெக்ட்டின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். அருகாமையை ஸ்கோராக எழுதாமல் தேதியாக எழுதினால்தான் ரிஸ்க்குக்கும் ஒரு முடிவு நாள் இருக்கிறது என்பது கண்ணில் படும். அப்புறம், அவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போவது வேறு ரிஸ்க், அதில் முன்னறிவிப்பு பூஜ்யம். இரண்டையும் "இன்ஜினியர் இல்லாமல் போவது" என்று ஒரே வரியில் வைத்ததால்தான் எந்த ஸ்கோரும் பொருந்தவில்லை. இரண்டாகப் பிரியுங்கள், இரண்டாவதற்கு மட்டும் கட்ஓவர் வேலைகளை இன்னொருவர் ஒத்திகையில் கூடவே இருந்து ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

சிஸ்டம் மெதுவாவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 16ஆம் வாரம் லோடு டெஸ்ட் இருக்கிறது, கூடுதல் சர்வர் திறன் ஒரு நாளில் சேர்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: மெதுவாவதற்குக் காரணம் மோசமாக எழுதப்பட்ட க்வெரி என்றால் சர்வர் சேர்த்துப் பயனில்லை, திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். டெஸ்ட்டுக்குப் பிறகு 4 வாரம் இருப்பதால் அதற்கும் இடம் இருக்கிறது, அந்த டெஸ்ட் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முன்னறிவிப்பை எழுதும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அறிகுறி இருப்பது வேறு, அதை யாராவது பார்ப்பது வேறு. ஒரு அறிகுறி அடி விழுவதற்கு 5 வாரம் முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் நீங்கள் ரெஜிஸ்டரைத் திறப்பது நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால், மோசமான நிலையில் உங்கள் கைக்கு வருவது ஒரு வாரம். 4ஐக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற இரண்டும் எழுதப்படாத முன்னறிவிப்பைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருப்புக் காலம் தானாகவே நாளுக்கு நாள் குறையும், அதற்கு யாரும் கூட்டம் போட்டு ஸ்கோர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது கழித்தல் குறிக்குப் போனதும் எக்செல் அந்த ரிஸ்க்கை வரிசையின் உச்சியில் வைக்கும், எல்லோரும் அதைப் பார்த்துப் பதறி, இனிப் பலன் தராத அதே வேலையில் ஆட்களை இறக்குவார்கள். கழித்தல் குறி வந்தால் அந்தத் தடுப்பு வழி செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரியைத் தனியாக எடுத்து, வேறு வழி எழுதி, அதற்கான காலத்தைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். உங்கள் பாதுகாப்புச் சோதனை அடுத்த வாரம் முடிந்ததும் இந்த இடத்துக்கு வந்துவிடலாம், அதனால் மேலாளரிடம் முதலில் இதைக் கொண்டுபோங்கள். 9ஆம் வாரக் கடைசிக்குள் பண ஒப்புதலுக்கு அனுப்பியாக வேண்டும், 10ஆம் வாரக் கடைசிக்குள் அது கிடைக்காவிட்டால் மிச்சம் இருப்பவை இரண்டு: வெளியிலிருந்து அணுகக்கூடிய பகுதிகளை மட்டும் ஒரு வாரத்தில் சோதிப்பது, அல்லது கட்ஓவரைத் தள்ளுவது. இரண்டில் எதை அவர் ஏற்பார் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.